பதிவுக்கு எங்கே வீடு?

சென்னையிலிருந்து அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவுக்குப் பூமியின் வளைவை ஒட்டி மிகக் குறுகிய பாதையை அளந்தால் ஏறத்தாழ 13,800 கிலோமீட்டர் வரும். நாம் தினமும் பயன்படுத்தும் இணையச் சேவைகளில் பலவற்றின் சர்வர்கள் அந்த வர்ஜீனியாவில்தான் இருக்கின்றன. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வெற்றிடத்தில் அதற்குள்ள வேகத்தில் இது மூன்றில் இரண்டு பங்கு. ஆக, ஒரு கேள்வி போய் பதில் திரும்பி வரக் குறைந்தது 138 மில்லி விநாடி ஆகும். கண்ணாடி இழை வழியே போகும்வரை, எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்த எண்ணைக் குறைக்க முடியாது.

உண்மையில் ஆகும் நேரம் இன்னும் அதிகம். கேபிள்கள் நேர்கோட்டில் கிடப்பதில்லை. ஒரு பாதை அரபிக்கடல், செங்கடல், மத்தியதரைக் கடல் வழியாக ஐரோப்பாவுக்குப் போய் அங்கிருந்து அட்லாண்டிக்கைக் கடக்கிறது. இன்னொன்று சென்னைக் கரையிலிருந்து சிங்கப்பூர் போய் பசிபிக்கைக் கடக்கிறது. வழியில் உள்ள ரவுட்டர்களும் தம் பங்குக்கு நேரம் எடுக்க, போய்வர 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகிவிடும். செங்கடலில் கேபிள் அறுந்தால் இதுவும் நிலையில்லை. 2024 தொடக்கத்திலும் 2025 செப்டம்பரிலும் அப்படி அறுந்தன. இரண்டாவது முறை மைக்ரோசாஃப்ட், தன் அஸ்யூர் வாடிக்கையாளர்களுக்கு மத்திய கிழக்கு வழியே போகும் தரவு தாமதமாகலாம் என்று அறிவிக்க வேண்டியிருந்தது.

200 மில்லி விநாடி என்பது கண் சிமிட்டும் நேரம்தானே என்று தோன்றலாம். ஒரே ஒரு முறை போய்வந்தால் சரி. ஆனால் ஒரு வலைப்பக்கம் திறக்க முதலில் இணைப்பை ஏற்படுத்த ஒரு சுற்று, மறையாக்கத்துக்குச் சாவி பரிமாற இன்னொரு சுற்று, பிறகு கேள்வியைக் கேட்க ஒரு சுற்று வேண்டும். அதற்குள்ளேயே அரை விநாடி தாண்டிவிடும். இந்த மூன்றையும் சமாளிப்பது எளிது. பயனர் இருக்கும் ஊருக்கு அருகிலேயே ஒரு சர்வரை வைத்து இணைப்பை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். படங்களையும் எழுத்துருக்களையும் அங்கேயே நகலெடுத்து வைக்கலாம். பலரும் இதைச் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். சிக்கல் அதற்குப் பின்னால், தரவுத்தளத்தில் இருக்கிறது.

ஒரு பக்கத்தைத் தயாரிக்க நிரல் தரவுத்தளத்திடம் ஒரு கேள்வியோடு நிற்பதில்லை. பயனர் யார், அவருக்கு என்ன அனுமதி, கூடையில் என்ன இருக்கிறது, அந்தப் பொருளின் விலை என்ன என்று ஒன்றன்பின் ஒன்றாக இருபது கேள்விகள் கேட்பது சாதாரணம். நிரலும் தரவுத்தளமும் ஒரே கட்டடத்தில் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மில்லி விநாடியில் முடிந்துவிடும். நிரலை மட்டும் மும்பைக்குக் கொண்டுவந்து, தரவுத்தளத்தை வர்ஜீனியாவிலேயே விட்டால் அதே இருபது கேள்விகளுக்கு நான்கு விநாடிக்கு மேல் ஆகும். பயனருக்கு அருகில் போகிறோம் என்று நினைத்துச் செய்த வேலை அவரை இன்னும் காக்க வைக்கிறது. எந்த இரண்டுக்கும் இடையே அதிகம் பேச்சு நடக்கிறதோ, அவை இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். நிரல் நகர்ந்தால் தரவும் கூடவே நகர வேண்டும்.

தரவை நகர்த்தும்போது என்ன ஆகும் என்பதற்கு நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஒரு சம்பவம் இருக்கிறது. நிரலாளர்கள் தம் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில் 2018 அக்டோபர் 21 அன்று, பழுதான ஓர் ஒளியிழைக் கருவியை மாற்றும் வழக்கமான பராமரிப்பு நடந்தது. அதில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள முதன்மைத் தரவு மையத்துக்கும் அதே கரையில் உள்ள வலையமைப்பு மையத்துக்கும் இடையே தொடர்பு அறுந்தது. 43 விநாடியில் மீண்டும் வந்துவிட்டது. அந்த 43 விநாடியின் விளைவாகச் சேவை 24 மணி 11 நிமிடம் தடுமாறியது.

நடந்தது இதுதான். கிழக்குக் கரையில் எழுத்துகளை ஏற்கும் முதன்மை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளங்கள் இருந்தன. மேற்குக் கரையில் அவற்றின் நகல்கள் இருந்தன. முதன்மை செத்துவிட்டதா என்று கண்காணித்து, செத்தால் வேறொன்றை முதன்மையாக்கும் மென்பொருள் பல இடங்களில் ஓடியது. பெரும்பான்மை ஒத்துக்கொண்டால்தான் அது செயல்படும். தொடர்பு அறுந்ததும் மேற்குக் கரையிலும் கிழக்கில் உள்ள ஒரு பொது கிளவுடிலும் இருந்த கண்காணிப்பாளர்கள் பெரும்பான்மை அமைத்து, கிழக்கு போய்விட்டது என்று முடிவெடுத்து, மேற்கை முதன்மையாக்கினார்கள். எழுதியபடியே அந்த மென்பொருள் வேலை செய்தது. அதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் கிழக்கில் கடைசிச் சில விநாடிகளில் ஏற்கப்பட்ட எழுத்துகள் மேற்குக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. தொடர்பு திரும்பியபோது கிழக்கில் மேற்கில் இல்லாத பதிவுகள் இருந்தன. மேற்கில் கிழக்கில் இல்லாத பதிவுகள் ஏறத்தாழ 40 நிமிடத்துக்கு வந்து குவிந்தன. இனி எதையும் மற்றதன் மேல் அப்படியே நகலெடுக்க முடியாது.

கூடவே, நிரலும் தரவும் பிரிந்தால் என்ன ஆகும் என்று முன்பு சொன்னதும் நடந்தது. நிரல்கள் கிழக்கில், எழுத வேண்டிய தரவுத்தளம் மேற்கில். ஒவ்வொரு கேள்வியும் கண்டத்தைக் கடந்து போய்வர வேண்டியிருந்ததால் கிழக்கில் இருந்த நிரல்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கடைசியில் பேக்கப்பிலிருந்து கிழக்கைப் பல மணி நேரம் எடுத்து மீட்டு, மேற்கின் புதிய பதிவுகளை அதன் மேல் ஓடவிட்டு, பிறகுதான் கிழக்கை மீண்டும் முதன்மையாக்கினார்கள். கிழக்கில் அநாதையாய் நின்ற எழுத்துகளைக் கையால் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது; மிகவும் சுறுசுறுப்பான ஒரு தொகுதியில் மட்டும் அப்படி 954 எழுத்துகள். சேவையைச் சீக்கிரம் திறப்பதைவிடத் தரவைக் காப்பதே முக்கியம் என்று அவர்கள் எடுத்த முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது. இழந்த ஒரு நாளை மறந்துவிடலாம். பயனர் சேமித்துவிட்டதாக நம்பிய ஒன்று காணாமல் போவதை மறக்க முடியாது.

இத்தனையும் ஒரே நாட்டின் இரண்டு கரைகளுக்கு இடையே. கண்டங்களுக்கு இடையே, அதுவும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுத்துகளை ஏற்கும் அமைப்பில், விபத்தாக நேர்ந்த அந்த நிலைதான் அன்றாட நிலை. ஏற்கும் முன் மறுபக்கத்தைக் கேட்டால் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கண்டத்தைக் கடந்து போய்வரும் நேரம் காத்திருக்கும். கேட்காமல் ஏற்றால் முரண்பாடு வரும். மூன்றாவது வழி இல்லை.

கேட்காமல் ஏற்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு புத்தகக் கடை. வாசகர்கள் தமிழ்நாட்டிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். மும்பை, ஃபிராங்க்ஃபர்ட், வர்ஜீனியா மூன்றிலும் தரவுத்தளம் இருக்கிறது. மூன்றும் எழுத்தை ஏற்றுப் பிறகு மற்ற இரண்டுக்கும் அனுப்பும். முரண்பட்டால் கடைசியாக எழுதியது வெல்லும் என்பது விதி. கசாண்ட்ரா முதலிய தரவுத்தளங்கள் இப்படித்தான் செய்கின்றன: ஒவ்வொரு மதிப்போடும் நேர முத்திரை ஒன்று இருக்கும், பெரிய முத்திரை வெல்லும்.

மதுரையில் ஒருவர் தன் முகவரியை மாற்றுகிறார். கதவு எண்ணைத் தவறாகத் தட்டிவிடுகிறார். மும்பை சர்வர் அதை ஏற்கிறது. அந்தச் சர்வரின் கடிகாரம் மூன்று விநாடி முன்னால் ஓடுகிறது. உண்மை நேரம் 10:00:00, அது போட்ட முத்திரை 10:00:03. அவர் அப்போது வாடிக்கையாளர் உதவிப் பணியாளரோடு பேசிக்கொண்டிருக்கிறார். அந்தப் பணியாளர் ஜெர்மனியில் இருந்து, வாசகர் சொல்லக் கேட்டுப் பிழையை அறிந்து, 10:00:02க்குச் சரியான எண்ணைச் சேமிக்கிறார். ஃபிராங்க்ஃபர்ட் கடிகாரம் சரியாக இருக்கிறது. அவர் திரையில் சரியான முகவரி தெரிகிறது. மும்பையின் எழுத்து வந்து சேர்ந்ததும், 03 என்பது 02ஐவிடப் பெரியது என்பதால், தவறான எண் வென்றுவிடுகிறது. புத்தகம் வேறு வீட்டுக்குப் போகிறது.

எங்கும் பிழைச் செய்தி வராது. லாகைப் பார்த்தால் இரண்டு எழுத்தும் வெற்றி என்றே இருக்கும். மூன்று தரவுத்தளங்களையும் ஒப்பிட்டால் மூன்றிலும் ஒரே மதிப்பு இருக்கும். எல்லாம் ஒத்திசைவாகத் தவறாக இருக்கும். அதனால் இந்த வகைப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரே வழி பழைய மதிப்பை அழிக்காமல் வரலாறாக வைப்பதுதான். உதவிப் பணியாளர் எழுதியது எங்கே போனது என்று கேட்க, அவர் எழுதியதற்குத் தடயம் இருக்க வேண்டும். சர்வர் கடிகாரங்களின் விலகலை அளந்து, சில மில்லி விநாடியைத் தாண்டினாலே எச்சரிக்கை ஒலிக்கும்படி வைப்பதும் அவசியம். கூகுள் தன் ஸ்பேனர் தரவுத்தளத்துக்காகத் தரவு மையங்களில் ஜிபிஎஸ் வாங்கிகளையும் அணுக் கடிகாரங்களையும் வைத்தது இந்தப் பயத்தால்தான். அங்கேயும் கடிகாரம் 'இப்போது இத்தனை மணி' என்று சொல்வதில்லை. 'இதற்கும் இதற்கும் நடுவில்' என்று ஓர் இடைவெளியைத் தருகிறது. அந்த இடைவெளி கழியும்வரை எழுத்து காத்திருக்கிறது. 2012இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி அந்த ஐயம் பெரும்பாலும் 1 முதல் 7 மில்லி விநாடி வரை.

ஒன்றை வெல்லவிடாமல் இரண்டையும் சேர்த்துவிடலாமே என்பது அடுத்த யோசனை. அமேசான் 2007இல் தன் டைனமோ தரவுத்தளத்தை விவரித்தபோது வாங்கும் கூடையை இப்படித்தான் கையாண்டதாகச் சொன்னது. இரண்டு இடங்களில் இரண்டு விதமாகக் கூடை மாறியிருந்தால் இரண்டின் பொருள்களையும் ஒன்றுசேர்த்துவிடுவார்கள். சேர்த்த பொருள் ஒருபோதும் காணாமல் போகாது. ஆனால் நீக்கிய பொருள் சிலநேரம் திரும்ப வந்துவிடும். கூடைக்கு அது பொருத்தமான தேர்வு. பணம் கட்டும்முன் வாங்குபவர் ஒருமுறை பார்ப்பார். விருப்பக் குறிகள், எண்ணிக்கைகள், குறிச்சொற்கள் எல்லாம் இப்படிச் சேரும். சேரும்படி வடிவமைக்கப்பட்ட தரவு வகைகளுக்குத் தனிக் கோட்பாடே 2011 வாக்கில் உருவானது.

கடைசிப் பிரதி மட்டும் இப்படிச் சேராது. ஒரு நூலின் ஒரே ஒரு பிரதி மிஞ்சியிருக்கிறது. மும்பையில் ஒருவரும் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒருவரும் ஒரே விநாடியில் வாங்கிவிட்டார்கள். எந்தச் சேர்ப்பு விதியாலும் ஒரு பிரதியை இரண்டாக்க முடியாது. இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது போன்ற விதிக்கு யாராவது யாரையாவது கேட்டாக வேண்டும். ஆனால் எப்போது கேட்பது என்பதைத் தள்ளிப்போடலாம். 1986இல் பேட்ரிக் ஓ'நீல் முன்வைத்த ஒரு முறை இதற்கு இன்றும் உதவுகிறது. 100 பிரதி இருந்தால் முன்கூட்டியே மும்பைக்கு 60, ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு 25, வர்ஜீனியாவுக்கு 15 என்று பங்கு பிரித்துவிட வேண்டும். ஒவ்வொன்றும் தன் பங்குக்குள் யாரையும் கேட்காமல் சில மில்லி விநாடியில் விற்கலாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் மூன்றுதான் மிச்சம் என்றால் அது பின்னணியில் மும்பையிடம் பத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்த ஒரு பரிமாற்றம் மட்டுமே கண்டம் தாண்டும் நேரத்தை எடுக்கும், எந்த வாசகரும் அதற்காகக் காத்திருக்க மாட்டார். கேபிள் அறுந்து ஃபிராங்க்ஃபர்ட் தனித்துப்போனால், மும்பையில் முப்பது பிரதி கிடக்கும்போதே ஜெர்மனி வாசகருக்கு 'தீர்ந்துவிட்டது' என்று காட்டும். அந்த இழப்பை ஏற்கலாமா என்பதைப் பொறியாளர் மட்டும் முடிவுசெய்யக் கூடாது. கடை நடத்துபவரும் உடன் உட்கார வேண்டும்.

பங்கு பிரிப்பதை இன்னும் ஒரு படி கொண்டுபோனால், ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே ஒரு வீடு என்ற முடிவுக்கு வருவோம். மதுரை வாசகரின் பதிவுக்கு வீடு மும்பை. அதை யார் எங்கிருந்து மாற்றினாலும் மாற்றம் மும்பைக்குப் போய்த்தான் நடக்கும். ஜெர்மனிப் பணியாளர் திருத்தும்போது அவருக்கு நூற்றுச் சொச்சம் மில்லி விநாடி கூடும். அவர் அதைக் கவனிக்கவே மாட்டார். முகவரி முரண்பாடு அடியோடு ஒழியும். எல்லாப் பதிவும் எல்லா இடத்திலும் எழுதப்படலாம் என்று அமைப்பது தேவையில்லாத சுமை என்றே நான் கருதுகிறேன். மனிதர்களின் தரவில் பெரும்பகுதியை அவரவர் இருக்கும் ஊரிலிருந்துதான் மாற்றுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் சட்டம் வருகிறது. 2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது: பணப் பரிவர்த்தனை அமைப்புகளின் முழுத் தரவும் இந்தியாவில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும், ஆறு மாத அவகாசம். வெளிநாட்டுப் பகுதி உள்ள பரிவர்த்தனைக்கு மட்டும் அங்கும் நகல் இருக்கலாம். வெளிநாட்டில் கணக்கிடுவதற்குத் தடையில்லை என்று 2019இல் விளக்கம் வந்தது. ஆனால் கணக்கிட்டு முடித்ததும் ஒரு வேலைநாள் அல்லது 24 மணி நேரம், இதில் எது முந்தியதோ அதற்குள் அங்குள்ள தரவை அழித்து இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும். இது வெறும் காகித விதி இல்லை. இதைப் பின்பற்றவில்லை என்று 2021 மே முதல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் டைனர்ஸ் கிளப்பும், ஜூலை முதல் மாஸ்டர்கார்டும் இந்தியாவில் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கத் தடை விதிக்கப்பட்டது.

முதலில் பார்க்க இது பொறியாளர் மேல் ஏற்றப்பட்ட இன்னொரு சுமை போலத் தெரியும். ஆனால் பதிவுக்கு ஒரு வீடு வேண்டும் என்பதைத்தான் சட்டமும் சொல்கிறது. தாமதமும் முரண்பாடும் ஏற்கெனவே நம்மை அங்கேதான் தள்ளியிருந்தன. காக்ரோச்டிபி என்ற தரவுத்தளத்தில் நம் புத்தகக் கடைக்கு இதை இப்படிச் சொல்லலாம்:

```sql
ALTER TABLE customers SET LOCALITY REGIONAL BY ROW;
ALTER TABLE books SET LOCALITY GLOBAL;
SET enable_multiregion_placement_policy = on;
ALTER DATABASE shop PLACEMENT RESTRICTED;
```

முதல் வரி, வாடிக்கையாளர் பதிவு ஒவ்வொன்றும் தன் ஊரில் வாழட்டும் என்கிறது. இரண்டாவது, புத்தகப் பட்டியல் எல்லா ஊரிலும் வேகமாகப் படிக்கக் கிடைக்கட்டும் என்கிறது. அதற்கு விலையாகப் பட்டியலை மாற்றுவது மெதுவாகும், ஆனால் நூலின் தலைப்பை யாரும் நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுவதில்லை. மூன்றாவது வரி நான்காவதை அனுமதிக்கிறது. அந்த நான்காவதுதான் பலரும் விட்டுவிடுவது. அது இல்லாவிட்டால், மதுரை வாசகரின் வீடு மும்பை என்று சொன்ன பிறகும், மற்ற ஊர்களில் படிப்பதற்கான நகல்கள் தாமாக உருவாகும். எழுதும் இடம் இந்தியாதான், ஆனால் தரவு வர்ஜீனியாவிலும் இருக்கும். ரிசர்வ் வங்கி கேட்டது எழுதும் இடத்தை அல்ல.

நகல்களை அடைத்த பிறகும் தரவு கசியும் இடங்கள் உண்டு. பிழை நேர்ந்தால் நிரல் எழுதும் லாகில் முழு முகவரியும் போய் விழும்; லாகைச் சேகரிக்கும் சேவை பெரும்பாலும் ஒரே ஊரில், பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும். பேக்கப் வேறு கண்டத்தில் இருக்கலாம். இன்னும் நுட்பமான ஒன்று: பெரிய அட்டவணையைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் தரவுத்தளங்கள், எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பை எல்லா ஊருக்கும் அனுப்பும். துண்டின் எல்லை என்பது ஏதோ ஒரு பதிவின் முதன்மைச் சாவி. மின்னஞ்சல் முகவரியைச் சாவியாக வைத்தவர்களின் வாடிக்கையாளர் மின்னஞ்சல்களில் சில இப்படி உலகம் முழுக்கப் போய்விடும். பொருளற்ற எண்ணைச் சாவியாக வைத்தால் இது தீரும்.

மின்னஞ்சல் இன்னொரு விதத்திலும் தொல்லை தரும். ஒரே மின்னஞ்சலில் இரண்டு கணக்கு கூடாது என்றால், மதுரையில் புதிதாகச் சேர்பவரின் மின்னஞ்சல் ஜெர்மனியில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும். சேரும்போது ஒரே ஒருமுறை நேரும் தாமதம் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம். உலகப் பொதுவான ஒரு சிறிய அட்டவணையில் மின்னஞ்சலைச் சுருக்க எண்ணாக்கி, அதற்கெதிரே வீடு எந்த ஊர் என்று மட்டும் குறித்துவைப்பது வழக்கம். ஆனால் அந்தச் சுருக்க எண்ணும் ஆளை அடையாளம் காட்டக்கூடியதே. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் அதுவும் தனிநபர் தரவுதான். அதை எங்கே வைக்கிறோம் என்பதையும் சட்ட ஆலோசகரிடம் காட்ட வேண்டும்.

சட்டமும் பாதுகாப்பும் நேருக்குநேர் மோதும் இடம் ஒன்று உண்டு. ஒரு ஊரின் தரவு மையம் முழுதாகப் போனாலும் சேவை தொடர வேண்டும் என்றால் பதிவின் நகல் வேறு ஊரிலும் இருக்க வேண்டும். மேலே பார்த்த தரவுத்தளத்தில், ஊர் போனாலும் தாங்க வேண்டும் என்றும், நகல் ஊரைத் தாண்டக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் கேட்டால் அது மறுத்துவிடும். தீர்வு, நாட்டுக்குள்ளேயே பல ஊர்கள். ஆனால் இரண்டு போதாது. பெரும்பான்மை வாக்கில் இயங்கும் அமைப்பில் இரண்டில் ஒன்று போனால், மிஞ்சிய ஒன்றால் தான் மட்டும் உயிரோடு இருக்கிறதா, தொடர்பு மட்டும் அறுந்ததா என்று சொல்ல முடியாது. இரண்டில் ஒன்று பெரும்பான்மையும் இல்லை. மூன்றாவது வாக்கு வேண்டும். அமேசான் கிளவுடுக்கு இந்தியாவில் 2016 முதல் மும்பையும் 2022 முதல் ஹைதராபாத்தும். மைக்ரோசாஃப்ட் 2015இலேயே சென்னை, புனே, மும்பை என மூன்று இடங்களில் தொடங்கியது. சென்னைக்கும் மும்பைக்கும் நேர்தூரம் ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர். ஒளி போய்வரப் பத்து மில்லி விநாடி. நடைமுறையில் இரண்டு மடங்கு ஆனாலும், ஒவ்வொரு எழுத்தையும் இன்னொரு ஊரில் உறுதிசெய்துகொண்டு ஏற்பதற்கு அது மலிவான விலை.

மதுரை வாசகர் வேலை கிடைத்து பெர்லினுக்குக் குடிபெயர்ந்தால் இந்த அமைப்பு என்ன செய்யும்? அவர் பதிவில் எழுதுவதைச் சில விநாடி நிறுத்தி, ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நகலெடுத்து, சரிபார்த்து, பொது அட்டவணையில் வீட்டை மாற்றிக் குறித்து, மும்பையில் உள்ளதை அழிக்கும். வரிசை முக்கியம்: அழிப்பு கடைசியில்தான். மும்பைப் பேக்கப்பில் உள்ள நகல், அந்தப் பேக்கப்பின் ஆயுள் முடியும்வரை இருக்கும். அதை மீட்க நேர்ந்தால் குடிபெயர்ந்தவர்கள் பட்டியலைப் பார்த்து மறுபடி அழிக்க வேண்டும். அவர் இந்தியாவில் இருந்தபோது கட்டிய பணத்தின் பதிவுகள் மட்டும் அவரோடு போகாது. பெயரும் முகவரியும் கூடையும் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்க, பழைய ரசீதைத் திறக்கும்போது மட்டும் பெர்லினிலிருந்து மும்பைக்கு ஒரு கேள்வி போய்வரும். அந்தப் பக்கம் மற்றவற்றைவிடச் சற்று மெதுவாகத் திறக்கும். அதை அப்படியே விடுவதுதான் சரி.